ஆயிரம் ரூபாய் பங்கு கட்டலாமா?
மக்காச்சோள விவசாயி ஒருவரின் கேள்வியும் அதற்கான கணக்கும்

வேப்பந்தட்டை பக்கம் ஒரு கிராமத்தில் படைப்புழு பற்றிய முகாம் முடிந்து கிளம்பும்போது, அறுபது வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவர் சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டீஸை எடுத்து நீட்டினார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினராகச் சேர அழைக்கும் நோட்டீஸ் அது. பங்குத் தொகை 1,000 ரூபாய். இடுபொருள் குறைந்த விலையில் கிடைக்கும், பயிற்சி தருவார்கள், விளைச்சலை நல்ல விலைக்கு விற்றுத் தருவார்கள் என்று அச்சடித்திருந்தார்கள்.

"கட்டலாமா சார்? இப்படித்தான் பத்து வருசத்துக்கு முன்னாடி ஒரு சங்கத்துல ஐந்நூறு கட்டினேன். ரசீதும் இல்ல, சங்கமும் இல்ல" என்றார்.

இதே கேள்வியை வெவ்வேறு வடிவில் வாசகர்கள் பலரும் கேட்கிறார்கள். "சேருங்கள்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது என் போன்ற அலுவலர்களுக்கு எளிது. குழுவுக்கு இத்தனை பேர் சேர்க்க வேண்டும் என்ற இலக்கு எங்கள் தலைமேல் இருந்த காலத்தில் நானும் அப்படிச் சொன்னவன்தான். அந்தப் பட்டியல்களில் இருந்த பலருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாது. அதனால் இந்த முறை அந்த ஐயாவோடு களத்து மேட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

விலை எங்கே போகிறது?

ஐயாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. ஆவணி கடைசியிலோ புரட்டாசியிலோ மக்காச்சோளம் விதைத்து, தை மாதம் கதிர் ஒடிப்பார். நல்ல வருடத்தில் ஏக்கருக்கு 25 குவிண்டால் வீதம் 75 குவிண்டால் வரும். வியாபாரி களத்துக்கே வந்து எடுத்துக்கொள்கிறார்.

"விலை எப்படிப் பேசுவீங்க ஐயா?" என்று கேட்டேன். சிரித்தார். "பேசுறது எங்க சார்? விதையும் உரமும் அவர்கிட்டதான வாங்கியிருக்கேன்."

அவர் பேரத்தில் தோற்றது தை மாதத்தில் அல்ல, புரட்டாசியிலேயே தோற்றுவிட்டார். மூன்று ஏக்கருக்கு விதை, உரம், மருந்து எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்குக் கடனாக வாங்குகிறார். வட்டி கிடையாது. ஆனால் அறுவடையில் மற்றவர்களுக்குத் தரும் விலையைவிடக் குவிண்டாலுக்கு 50 ரூபாய் குறைத்து எடுத்துக்கொள்வார்கள். 75 குவிண்டாலுக்கு 3,750 ரூபாய். நாலரை மாதத்துக்கு 30,000 ரூபாய்க்கு 3,750 என்றால், ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 33 சதவிகிதம். வட்டியில்லாக் கடன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

வியாபாரியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மழை பொய்த்த வருடத்தில் அவர் பணமும் சேர்ந்துதான் நிற்கிறது. நடு இரவில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கேட்டால் கொடுப்பவரும் அவரே. ஆனாலும் அந்த 33 சதவிகிதம் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைக்குள் திருப்பிக் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. எந்தக் குழுவிலும் சேராமலேயே செய்யக்கூடிய முதல் வேலை அது. ஐயாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.

அடுத்தது ஈரப்பதம். மக்காச்சோளத்துக்கு 14 சதவிகித ஈரம்தான் கணக்கு. அதற்கு மேல் இருந்தால் எடையில் கழிப்பார்கள். 18 சதவிகித ஈரத்தில் இருக்கும் 100 கிலோ மணியை 14 சதவிகிதத்துக்குக் காய வைத்தால் சுமார் 95 கிலோ 350 கிராம் நிற்கும். அதாவது 4 சதவிகித ஈரத்துக்கு 4.65 கிலோ குறையும். சதவிகிதத்துக்கு ஒரு கிலோ என்று வியாபாரி கழித்தால் அது நியாயமான கழிவு, இன்னும் சொல்லப்போனால் நமக்குக் கொஞ்சம் லாபம். சதவிகிதத்துக்கு 2 கிலோ என்று கழித்தால் குவிண்டாலுக்கு மூன்றேகால் கிலோவுக்கு மேல் வீணாகக் கொடுக்கிறோம். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஈரம் 18 என்று தெரிந்தால்தானே? வியாபாரி ஒரு மணியைக் கடித்துப் பார்த்து "பதினெட்டு இருக்கும்" என்கிறார். அது 16 ஆகவும் இருக்கலாம். ஈரமானி வைத்திருப்பவர் சொல்வதுதான் ஈரம்.

இடுபொருளில் குழு என்ன செய்யும், என்ன செய்யாது?

சேர நினைக்கும் பலர் உரம் மலிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். யூரியா 45 கிலோ மூட்டைக்கு 266 ரூபாய் 50 காசு என்று அரசே விலை நிர்ணயித்திருக்கிறது. அதில் விற்பவருக்கு நிற்பது மிகச் சொற்பம். எந்த நிறுவனமும் அதைவிடக் குறைத்துக் கொடுக்க முடியாது. குழுவால் கிடைப்பது வேறு. மேலுரம் போட வேண்டிய வாரத்தில் மூட்டை கையில் இருக்கும். "இந்த டானிக்கையும் வாங்கினால்தான் யூரியா" என்ற கட்டாயமும் இருக்காது.

விலையில் குறைவு கிடைக்கக்கூடியது வீரிய ஒட்டு விதையிலும் பூச்சிமருந்திலும்தான். விற்பனையாளருக்கான லாபம் அவற்றில்தான் கூடுதல். ஏக்கருக்கு 8 கிலோ விதை. இருநூறு உறுப்பினர்கள் ஆளுக்கு மூன்று ஏக்கர் விதைத்தால் 4,800 கிலோ. இந்த அளவுக்கு ஒரே ரகத்தை, ஆடி மாதத்திலேயே முன்பணம் கட்டிக் கேட்டால் விதைக் கம்பெனியின் வட்டாரப் பிரதிநிதி தானாகவே தேடி வருவார். தனி ஆளாக இரண்டு பாக்கெட் கேட்டுப் போனால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் நம் ரகம்.

இதற்கு நிறுவனம் தன் பெயரில் விதை, உரம், பூச்சிமருந்து விற்பனை உரிமங்களை வாங்கியிருக்க வேண்டும். உர உரிமத்துக்கு, சரக்குத் தருவதாக உர நிறுவனமோ மொத்த விற்பனையாளரோ கொடுக்கும் சான்று தேவை. 'ஓ படிவம்' என்று சொல்வார்கள். பூச்சிமருந்து உரிமத்துக்கு உரிய படிப்போ பயிற்சிச் சான்றோ உள்ள ஆள் இருக்க வேண்டும். ஆகவே ஒரு குழுவின் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் சுவரைப் பாருங்கள். இந்த உரிமங்கள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கினால் அங்கே வேலை நடக்கிறது. தலைவர்கள் பொன்னாடை போர்த்திக்கொண்ட படம் மட்டும் தொங்கினால் இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. 2018-ல் படைப்புழு வந்தபோது பெரம்பலூர் மாவட்டம் பட்ட பாடு இந்தப் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும். அதன் பிறகு நாங்கள் நடத்தாத முகாம் இல்லை. வேப்பம் பிண்ணாக்கு, விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி, இலைச் சுருளுக்குள் மருந்து இறங்கும்படி தெளிப்பது என்று எல்லாம் சொன்னோம். தனித்தனியாகக் கேட்டுப் போனவர்களில் பாதிப் பேர் செய்யவில்லை. செய்தவர்கள் வயலுக்கும், இருபது நாள் தள்ளி விதைத்த பக்கத்து வயலிலிருந்து அந்துப்பூச்சி பறந்து வந்தது. குழுவாக இருந்த ஊர்களில் ஒன்று மட்டும் வித்தியாசமாக நடந்தது. விதை ஒரே நாளில் வந்து இறங்கியதால் எல்லாரும் பத்து, பன்னிரண்டு நாளுக்குள் விதைத்து முடித்தார்கள். முதல் தெளிப்பையும் ஒரே வாரத்தில் முடித்தார்கள். பயிற்சியில் சொன்னது அங்கேதான் பலித்தது. ஒரு குழு வருடத்துக்கு எத்தனை பயிற்சி நடத்தியது என்று கேட்காதீர்கள். பயிற்சிக்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து எதைச் செய்தார்கள் என்று கேளுங்கள்.

ஒரு லாரியின் கதை

பேரம் பேசும் பலம் என்று சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருவது ஒரு லாரி. நான் முன்பு வேலை பார்த்த வட்டாரத்தில், புதிதாகத் தொடங்கிய ஓர் உற்பத்தியாளர் நிறுவனம் முதன்முதலாக நாமக்கல் பக்கம் உள்ள ஒரு கோழித் தீவன ஆலைக்கு மக்காச்சோளம் அனுப்பியது. ஒன்பது விவசாயிகளின் 320 மூட்டை, மொத்தம் 16 டன். மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி, லாரியை அனுப்பி வைத்தோம். நானும் போட்டோவில் நின்றேன்.

ஆலை வாசலில் சாம்பிள் எடுத்தார்கள். ஓரத்து மூட்டைகளில் ஈரம் பதிமூன்றரை. உள்ளே குத்தி எடுத்தபோது 17. மொத்த லோடுக்கும் 17 என்றே போட்டு, மூன்று சதவிகிதத்துக்குக் குவிண்டாலுக்கு 3 கிலோ கழித்தார்கள். 160 குவிண்டாலுக்கு 480 கிலோ. அன்றைய விலை 2,200 ரூபாயில் 10,560 ரூபாய் போனது. "ஏற்க முடியாது என்றால் லாரியைத் திருப்பிக்கொண்டு போங்கள்" என்றார்கள். திருப்பிக் கொண்டுவர ஆகும் வாடகை அதைவிடக் கூடுதல். ஒப்புக்கொண்டு இறக்கினார்கள்.

இதில் ஆலையைக் குறை சொல்ல வழியில்லை. ஈரமான மணியைச் சேமித்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதிலிருந்து உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு கோழியைப் பாதிக்கும். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தவறு நம்முடையது. ஒன்பது பேரில் இரண்டு பேர் காயாத மணியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை, மூட்டையில் எந்த அடையாளமும் கிடையாது. 10,560 ரூபாயை ஒன்பது பேர் தலையிலும் போட்டார்கள். நாலு நாள் தார்ப்பாயில் கிளறிக் கிளறிக் காய வைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? மூன்று பேர் அதோடு நின்றுவிட்டார்கள். அவர்களை நானே இரண்டு முறை வீட்டில் போய்ப் பார்த்தேன். வரவில்லை.

அடுத்த அறுவடைக்கு முன் நிறுவனம் செய்தது சின்ன வேலைதான். சில ஆயிரம் ரூபாய்க்கு ஓர் ஈரமானி வாங்கினார்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் எண் கொடுத்து, மூட்டையில் பெயின்ட்டால் எழுதினார்கள். சேகரிப்பு மையத்தில் ஒவ்வொரு மூட்டையிலும் ஊசி குத்திச் சாம்பிள் எடுத்தார்கள். 14-க்கு மேல் இருந்தால் உலர்களத்துக்குத் திருப்பினார்கள். வெயிலில் சூடாக இருக்கும் மணியை அப்படியே அளந்தால் ஈரமானி தவறாகக் காட்டும் என்பதைக்கூட அனுபவப்பட்டுத்தான் கற்றார்கள். நிழலில் ஆறவிட்டு அளக்க வேண்டும்.

அந்த வருடம் முதலில் திரும்பிப் போனது இயக்குநர் ஒருவரின் 12 மூட்டை. ஈரம் பதினைந்தரை. அவர் கொஞ்சம் சத்தம் போட்டார், ஆனால் எடுத்துக்கொண்டு போய்க் காய வைத்தார். என் கண்ணெதிரே நடந்தது அது. நின்றுபோன மூன்று பேரில் ஒருவர் அடுத்த வாரம் திரும்பி வந்ததற்கு அந்த 12 மூட்டைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் வருடம் ஒரே மாதத்தில் ஏழு லோடு போனது. அப்போதுதான் ஆலையோடு பேச முடிந்தது. விலையில் ஒன்றும் பெரிதாகக் கூட்டித் தரவில்லை. சந்தை விலைதான். ஆனால் நம் ஆள் பக்கத்தில் நிற்கும்போதுதான் சாம்பிள் எடுக்க வேண்டும், லாரியை அன்றே இறக்க வேண்டும், பணம் பதினைந்து நாளுக்குப் பதில் ஏழு நாளில் வர வேண்டும் என்ற மூன்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள். பேரம் என்றால் விலை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது புதிதாக இருந்தது.

உங்கள் பங்குப் பணம் ஒரு லாரிக்குக்கூடக் காணாது

இனி, ஐயாவுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பார்ப்போம். எண்களை அந்த வருட நிலவரத்தை ஒட்டிப் போட்டிருக்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பாருங்கள்.

களத்தில் விலை 2,000 ரூபாய், ஆலை வாசலில் 2,200. வித்தியாசம் 200 என்று துள்ளக் கூடாது. குவிண்டாலுக்கு லாரி வாடகை 80, ஏற்றி இறக்கும் கூலி 30, சாக்கும் தையலும் 15, நிறுவனத்தின் சேவைக் கட்டணம் 25. மொத்தம் 150 போக 50 ரூபாய்தான் மிச்சம். களத்தில் 'கழிவு' என்று குவிண்டாலுக்கு 2 கிலோ பிடிப்பது இங்கே இல்லை. அது 40 ரூபாய். ஆக 90 ரூபாய். 75 குவிண்டாலுக்கு 6,750. இடுபொருளைக் கடனுக்கு வாங்காமல் இருந்தால் முன்பு சொன்ன 3,750-ம் சேரும். ஆக 10,500 ரூபாய். மூன்று ஏக்கர் மானாவாரிக்காரருக்கு இது நல்ல காசு. ஆனால் நோட்டீஸில் வரும் 'இரட்டிப்பு லாபம்' இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வியாபாரி களத்திலேயே பணம் எண்ணித் தருகிறார், ஆலை ஏழு நாள் கழித்துத் தருகிறது. பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வேண்டியவர் ஏழு நாள் காத்திருக்க மாட்டார். நிறுவனம் முன்பணமாவது கொடுக்க வேண்டும். 300 உறுப்பினர் ஆளுக்கு 1,000 கட்டினால் 3 லட்சம். ஒரு லாரிச் சரக்கின் மதிப்பு 3,52,000. ஒட்டுமொத்தப் பங்குப் பணமும் ஒரே ஒரு லாரிக்குக் காணாது! பல குழுக்கள் தள்ளாடி விழும் இடம் இதுதான்.

இதற்காகத்தான் மத்திய அரசு 2020-ல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், உறுப்பினர் கட்டிய பங்குக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய் வரை பங்கு மானியம் வைத்தார்கள். சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். நிர்வாகச் செலவுக்கு மூன்று வருடத்துக்கு 18 லட்சம் வரை உண்டு. மூன்று வருடம் முடிந்ததும் அது நின்றுவிடும். அதற்குள் சேவைக் கட்டணத்தில் அலுவலரின் சம்பளத்தைக் கொடுக்கும் அளவுக்கு வியாபாரம் வளராவிட்டால், நான்காம் வருடம் அலுவலகத்தில் பூட்டுத் தொங்கும். ஆகவே சேரும்போது, நிறுவனத்துக்கு இது எத்தனையாவது வருடம், மானியக் காலம் முடிந்துவிட்டதா, முடிந்த பிறகும் கடை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

நான் சொன்ன நிறுவனம் 60 சதவிகிதத்தைச் சரக்கு எடுத்த அன்றும் மீதியை ஆலைப் பணம் வந்ததும் கொடுத்தது. அப்படியும் மூன்றாம் வருடம் ஊர் வியாபாரிகள் சேர்ந்து களத்து விலையில் 50 ரூபாய் கூட்டியபோது பாதிப் பேர் அங்கே போட்டுவிட்டார்கள். ஆலைக்கு ஒப்புக்கொண்ட பத்து லோடில் ஆறுதான் போனது. போனவர்களைத் திட்டிப் பயனில்லை. அந்த 50 ரூபாய் கூடியதே நிறுவனம் இருந்ததால்தான் என்பதும் உண்மை. அதன் பிறகு ஒரு விதி வைத்தார்கள். விளைச்சலில் பாதியைக் கட்டாயம் நிறுவனத்துக்குத் தர வேண்டும், மீதி அவரவர் விருப்பம். எந்தத் தேதியில் எத்தனை மூட்டை என்று மார்கழியிலேயே எழுதி வாங்கினார்கள். முழுவதையும் கேட்டிருந்தால் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஐயாவின் பழைய ஐந்நூறு ரூபாய் எங்கே போனது என்று கடைசிவரை தெரியவில்லை. அது பதிவு செய்யாத சங்கமாக இருந்திருக்கலாம். இப்போது நோட்டீஸில் இருப்பது கம்பெனிச் சட்டப்படி பதிவான உற்பத்தியாளர் நிறுவனம் என்றால், சரிபார்க்க வழி இருக்கிறது. ஊர் இ-சேவை மையத்திலோ, செல்போன் தெரிந்த பிள்ளைகளிடமோ சொல்லி mca.gov.in என்ற தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நிலை என்ற இடத்தில் Active என்று இருக்கிறதா, Strike Off என்று இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகப் பொதுப் பேரவைக் கூட்டம் நடந்த தேதியும், கடைசியாகக் கணக்குத் தாக்கல் செய்த வருடமும் அதிலேயே இருக்கும். இரண்டு, மூன்று வருடம் பழைய தேதி என்றால் அந்த நிறுவனம் பேருக்குத்தான் இருக்கிறது. தொடர்ந்து மூன்று வருடம் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் அதன் இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக இருக்க முடியாது. தெரியாமல் இயக்குநராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு இதில் மாட்டிக்கொண்ட விவசாயிகள் இருக்கிறார்கள். ஆகவே உங்களை இயக்குநர் ஆக்குகிறோம் என்று யாராவது சொன்னால், மகிழ்ச்சியோடு கணக்கர் யார் என்றும் கேளுங்கள்.

கட்டும் ஆயிரம் சந்தா அல்ல, பங்கு. ரசீதும் பிறகு பங்குச் சான்றிதழும் கைக்கு வர வேண்டும். பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. லாபத்தில் பங்குக்கான ஈவு ஒரு வரம்புக்குள்தான் இருக்கும். அதற்கு மேல் வருவதை யார் எவ்வளவு சரக்குக் கொடுத்தார்கள், வாங்கினார்கள் என்பதைப் பொறுத்து ஊக்கத்தொகையாகப் பிரிக்கலாம். நினைத்தபோது பங்குப் பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. இயக்குநர் குழு அனுமதியோடு இன்னொருவருக்கு மாற்றலாம், அவ்வளவுதான். வட்டி எதிர்பார்த்துப் போடும் பணம் என்றால் அஞ்சலகமே மேல்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நிறுவனத்தின் தொழிலோடு மோதும் வியாபாரம் செய்பவர் உறுப்பினராக முடியாது என்பது சட்டம். ஆனால் நடைமுறையில் உரக் கடைக்காரரோ கமிஷன் வியாபாரியோ மனைவி பெயரில், தம்பி பெயரில் உள்ளே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் நிறுவனம் அவர் கடைக்கே சரக்குப் பிடித்துக் கொடுக்கும். கொள்முதல் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். உறுப்பினராக அதைக் கேட்டுப் பார்க்கலாம். சேருவதற்கு முன்பு கேட்டால் தயங்குவார்கள், தயங்கும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

"டிராக்டர் மானியம் வரும், சேருங்கள்" என்று மட்டும் சொல்லி ஆதார், சிட்டா நகல் வாங்கும் இடத்தில் கொடுக்காதீர்கள். அங்கே உங்கள் பெயர்தான் தேவை, மக்காச்சோளம் தேவையில்லை. அக்கம் பக்கத்தில் நடக்கும் குழு எதுவும் சரியில்லை என்றால் அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம். ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஈரமானி ஒன்று வாங்கிக்கொண்டு, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஒரே வண்டியில் கொண்டுபோனால் எடையும் ஈரமுமாவது சரியாக இருக்கும்.

ஐயா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு எழுதிக் கொடுத்தார். நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய் உரிமங்களைப் பார்த்துவிட்டு ஆயிரம் கட்டினார். தை மாதம் 150 மூட்டையில் 40 மூட்டையை மட்டும் அங்கே போட்டார், மற்றதை வழக்கமான வியாபாரிக்கே கொடுத்தார். களத்தில் ஈரமானியை வைத்து அளந்து பார்த்துவிட்டுக் கொடுத்ததால், அந்த வியாபாரி அந்த முறை மணியைக் கடித்துப் பார்க்கவில்லை என்றார்.

இதையொட்டி வாசகர்கள் கேட்டவை

*குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறேன். பட்டா இல்லை. உறுப்பினராகலாமா?*

ஆகலாம். சட்டம் கேட்பது நீங்கள் உற்பத்தியாளரா என்பதை மட்டும்தான். சில நிறுவனங்களின் துணை விதிகளில் சிட்டா கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் உங்கள் சாகுபடியைப் பதிந்து வாங்கிக் காட்டுங்கள். மானியத்தோடு வரும் பயன்களுக்கு நிலச் சான்று கேட்கப்படலாம், அதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

*நிலம் கணவர் பெயரில் இருக்கிறது. விவசாயம் நான்தான் பார்க்கிறேன். என் பெயரில் பங்கு வாங்கலாமா?*

வாங்கலாம். இருவரும் தனித்தனியாகக்கூட உறுப்பினராகலாம், இரண்டு ஓட்டு உண்டு. ஆனால் சரக்குப் பணம் யார் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

*எங்கள் ஊரில் மக்காச்சோளம் போடுபவர்கள் பதினைந்து பேர்தான். நாங்களே நிறுவனம் தொடங்கலாமா?*

பத்து உற்பத்தியாளர் இருந்தாலே சட்டப்படி பதிவு செய்யலாம். ஆனால் தணிக்கை, கணக்குத் தாக்கல், முழுநேர அலுவலர் என்று வருடாவருடம் வரும் செலவைப் பதினைந்து பேரின் சரக்கு தாங்காது. வட்டாரத்தில் ஏற்கெனவே நடக்கும் நிறுவனத்தில் உங்கள் ஊரை ஒரு சேகரிப்பு மையமாகச் சேர்க்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் அந்த நிறுவனங்களின் பட்டியல் இருக்கும்.